குடம் மூன்று, மூடி இரண்டு

குற்றாலத்தில் சாரல் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த ஆண்டு, எண்பத்து மூன்று என்று நினைக்கிறேன், நான் பேரூராட்சி அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சராக இருந்தேன். பகலில் குற்றாலத்தில் வேலை. மாலையில் தென்காசியில் டைப்ரைட்டிங் வகுப்பு, அதற்குப் பிறகு அதே மாடியில் ராமசேஷன் சாரின் ஆங்கில, தமிழ்க் கட்டுரை வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் மேலகரத்தில் வீடு. பேருந்து வீட்டைத் தாண்டித்தான் போகும். இறங்காமல் நேரே போய்விடுவேன்.

கட்டுரை வகுப்பில் எனக்கு ஒரு பெயர் உண்டு. குறிப்புகளைக் கொடுத்துக் கதையாக விரித்து எழுதச் சொல்வார்கள். 'மழை - குடை - முதியவர் - பேருந்து' என்று நான்கு சொல் பலகையில் இருக்கும். மற்றவர்கள் அரைப்பக்கம் எழுதுவார்கள். நான் முதியவருக்கு ஒரு மகளைக் கொடுத்து, அவளைக் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்து, அவள் பிரசவத்துக்குப் போகிற வழியில் பேருந்தை மழையில் நிற்க வைத்து, குடையை வேறு யாரிடமாவது தொலைத்துவிட்டு, மூன்று பக்கத்தில் முடிப்பேன். ராமசேஷன் சார் ஒருமுறை அதை வகுப்பில் படித்துக் காட்டினார். எனக்குத் தெரிந்த ஒரே திறமை அதுதான். அதையும் நான் சந்தேகத்தோடுதான் வைத்திருந்தேன்.

அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த வேலை கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்தது. சீசனுக்குக் கடை போடுகிறவர்கள் உரிமத்துக்கு மனுக் கொடுப்பார்கள். சுகாதார ஆய்வாளர் ஏசுவடியான் சார் கடையைப் போய்ப் பார்த்துச் சின்னத் தாளில் குறிப்பெழுதி வருவார். அதை நான் முழு வாக்கியங்களாக்கி, அறிக்கையாகத் தட்டச்சு செய்ய வேண்டும். அவர் கையெழுத்துப் போடுவார். நிர்வாக அதிகாரி அதைப் படித்து உரிமம் கொடுப்பார், அல்லது மறுப்பார்.

ஏசுவடியான் சார் கையெழுத்துப் போடும்போது படிப்பதில்லை. காகிதத்தின் அடியில் பேனாவை வைத்துக்கொண்டே "எங்கம்மா, இங்கனயா?" என்று கேட்பார். ஆகவே நான் எழுதியது அப்படியே அவர் சொன்னதாகிவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததால் எனக்குப் பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த குறிப்பு இது:

முப்பிடாதியம்மாள் இட்லிக்கடை. காலை. சாரல்.
குடம் 3. மூடி 2.
சாக்கடை - பின்புறம்.
சமையல் - ஒரு ஆள்.
அடுப்பு. மிளகாய் வத்தல். இருமல்.
எலி 1.
குரங்கு - கூரை.
தரை கழுவியது.

குறிப்பைக் கொடுத்துவிட்டு அவர் முகாமுக்குச் செங்கோட்டை போய்விட்டார். வெள்ளிக்கிழமைதான் வருவார்.

தலைமை எழுத்தர் கைலாசம் சார் என் மேசைப் பக்கம் வந்தார். "ரிப்போர்ட்டு ஒரு பக்கத்துக்குக் கொறையாம இருக்கணும் தெரிஞ்சுக்கோ. அரைப்பக்கம் போச்சுன்னா, ஆபீசர் போயே பாக்கலன்னு நெனைப்பாவ. மேல இருக்கிறவுகளுக்குத் தாளு வெயிட்டா இருந்தாத்தான் நம்பிக்கை வரும்."

எட்டு வரியை ஒரு பக்கமாக்குவது எனக்குப் பெரிய காரியமில்லை. எழுதினேன்.

'மேற்படி இட்லிக்கடை சுகாதாரமற்ற இடத்தில் அமைந்துள்ளது. குடிநீர்க் குடங்கள் மூன்றில் ஒன்று மூடப்படாமல் ஈக்கள் மொய்த்த நிலையில் காணப்பட்டது. கடையின் பின்புறம் சாக்கடை தேங்கி நிற்பதால் துர்நாற்றம் வீசுகிறது. சமையல் செய்பவர் தொடர்ந்து இருமிக்கொண்டே மிளகாய் வத்தலைக் கையாண்டார். எலிகளின் நடமாட்டம் மிகுதியாக உள்ளது. கூரையில் திரியும் குரங்குகள் உணவுப் பொருட்களை அசுத்தம் செய்கின்றன.'

கழுவிய தரை மட்டும் இந்தப் பத்தியில் எங்கும் பொருந்தவில்லை. தேங்கின சாக்கடைக்கும் எலிக்கூட்டத்துக்கும் நடுவில் கழுவிய தரை வந்தால் நடை கெட்டுவிடுகிறது. அதை விட்டுவிட்டேன்.

கைலாசம் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுதாம்மா ரிப்போர்ட்டு! படிக்கும்போதே எனக்குத் தொண்ட கமறுது. இந்தக் கடைக்கு உரிமம் கெடைக்காது. சமைக்கிற ஆளுக்கு இருமல்னா ஆபீசர் ஒத்த வரியில தள்ளிப்புடுவார். அந்த எடத்துக்கு அடுத்த மனு காத்துக்கிட்டுக் கெடக்கு. வெள்ளிக்கிழம ரெண்டையும் சேத்து வச்சிருவோம்."

அப்போதுதான் ஒரு அம்மாள் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டு வாசலில் நின்றார். நெற்றியில் பெரிய பொட்டு, கையில் ஒரு தூக்குவாளி. முப்பிடாதியம்மாள்தான் அது. உள்ளே வராமலே கேட்டார்.

"ஐயா, நம்ம கடை விசயம் என்னாச்சு?"

"கஷ்டந்தான்" என்றார் கைலாசம் சார், பெயருக்குக் கூட நிமிராமல்.

"என்ன கஷ்டம்? அடுப்பு மூட்டியாச்சு, மாவு அரைச்சாச்சு. அருவியில தண்ணி வந்தாத்தான் எங்களுக்குச் சோறு. இந்தச் சாரல் போனா அடுத்த சாரல் வரைக்கும் நான் யாரு வாயப் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

"வெள்ளிக்கிழம வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பனைப் பார்த்தேன்.

அன்று மாலை, வரைவையும் குறிப்பையும் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மறுபடி தட்டிப் பார்த்தால் பிழை இருக்காது என்று எண்ணம். பேருந்தில் பக்கத்தில் விஜயம். அவளும் அதே வகுப்புத்தான், குற்றாலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. என் கதைகளின் முதல் வாசகி. குடைக்காரர் மகளுக்குப் பிரசவம் ஆனதும் அழுதவள் அவள் ஒருத்திதான்.

"என்னட்டி இது, புதுக் கதையா?" என்று பிடுங்கிப் படித்தாள். படித்து முடித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "சீ! இந்தக் கடைப்பக்கம் நான் போகவே மாட்டேன். எப்படிட்டி பாத்த இதெல்லாம்?"

"நான் பாக்கல. இன்ஸ்பெக்டர் பாத்தார். நான் விரிச்சு எழுதினேன்."

"அவரு ஈ மொய்ச்சதுன்னு எழுதியிருக்காரா?"

நான் குறிப்பை எடுத்துக் காட்டினேன். அவள் குறிப்பையும் அறிக்கையையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். துணிக்கடையில் பில்லையும் துணியையும் சரிபார்க்கிற கை அது.

"ஈய எங்கன காணோமே?"

"மூடி ரெண்டுதான. ஒரு குடம் தொறந்திருக்கும்லா. தொறந்த குடத்துல ஈ..."

"தொறந்த குடத்துல தண்ணி இருந்துச்சா?"

"குறிப்புல இல்ல."

"அப்ப காலிக் குடத்தக் கவுத்து வச்சிருந்தா? அதுக்கு எதுக்குட்டி மூடி?"

அவள் விரல் அடுத்த வரிக்குப் போனது.

"துர்நாத்தம்?" "இல்ல." "தேங்கி நிக்குதுன்னு?" "பின்புறம்னு மட்டுந்தான்." "எலி நடமாட்டம் மிகுதி. ஒத்த எலி எப்படிட்டி மிகுதியா நடமாடும்? அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டே இருந்துச்சோ?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். முன் இருக்கையில் தேங்காய் மூட்டையோடு இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதையில் முதியவருக்கு மகளைக் கொடுத்தால் முதியவருக்கு நஷ்டமில்லை. இங்கே ஒருவருக்கு ஈயைக் கொடுத்திருந்தேன்.

"இருமல் மட்டும் இருக்கு" என்றேன், கொஞ்சம் தற்காப்பாக.

"அட, வத்தல வறுத்தா யாருக்குந்தான் இருமும். எங்க வீட்டுல வத்தல் வறுத்தா மாடிவீட்டுக்காரர் இருமுவார். அதையும் எழுதிரு. வத்தல் வறுத்த நெடியில வந்த இருமல், நோய் இல்லன்னு."

பேனாவை எடுத்துவிட்டேன். எழுதப் போனேன். மேலகரம் தாண்டுகிறபோது கை நின்றது.

"வறுத்தாங்கன்னு எங்க இருக்கு?" என்றேன். "அடுப்பு. மிளகாய் வத்தல். இருமல். அவ்வளவுதான். வத்தல் கயித்துல தொங்கியிருக்கலாம். சாக்குல இருந்திருக்கலாம்."

விஜயம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நல்லதுக்குத்தான சொல்லுதேன்."

"தெரியும். ஈயும் இப்படித்தான் வந்துச்சு."

அன்று கட்டுரை வகுப்பில் 'கிணறு - கயிறு - திருவிழா' என்று கொடுத்தார்கள். நான் ஒன்றரை வரி எழுதினேன். ராமசேஷன் சார் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

புதன்கிழமை முழுக்க, மற்ற வேலைகளுக்கு நடுவில், எனக்கென்று ஒரு முறை செய்துகொண்டேன். முதல் வரைவின் ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் பென்சிலால் கோடு. குறிப்பில் அதற்கான சொல்லைத் தேடி, இருந்தால் விடுவது, இல்லாவிட்டால் அடிப்பது. 'தொடர்ந்து' போயிற்று. 'மிகுதி' போயிற்று. 'தேங்கி'யும் 'துர்நாற்ற'மும் போயின. 'நிற்பதால்' என்பதில் இருந்த 'ஆல்' கூடப் போயிற்று. எதனால் எது என்று குறிப்பு சொல்லவே இல்லை. 'குரங்குகள்' என்பதில் 'கள்' போனது. அதன் பிறகு குறிப்பின் பக்கம் திரும்பி, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று பார்த்தேன். தரை. சேர்க்காதது மாதிரியே விடாததும் முக்கியம் என்று தாமதமாகத்தான் தோன்றியது. சரியா என்று தெரியவில்லை, ஆனால் தரையை உள்ளே கொண்டுவந்தேன்.

மிஞ்சியதைத் தட்டிப் பார்த்தால் காகிதத்தில் மேல்பாதிதான் நிரம்பியது. கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்து என்னைப் பயமுறுத்தியது.

வியாழக்கிழமை காலை நான் வருவதற்கு முன்பே முப்பிடாதியம்மாள் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கைலாசம் சார் இன்னும் வரவில்லை. தூக்குவாளியைத் திறந்து இட்லியின் ஆவியை என் பக்கம் விசிறினார்.

"தின்னு பாரு மக்களே. தின்னுட்டு எழுது."

"வேண்டாம் ஆச்சி. எழுதுறதுக்கு முந்தித் தின்னா சரியா வராது."

"அந்த ஐயா கஷ்டம்னு சொல்லுதாரே, என்னதான் எழுதி வச்சிருக்கீக? நான் தரையக் கழுவிக் கழுவி முழங்காலு போச்சு."

"தரை இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"வேற? குடத்துக்கு மூடி இல்லன்னு எழுதியிருக்காரா? அந்தக் கொரங்கு எடுத்துட்டுப் போச்சுட்டி! இன்ஸ்பெக்டரு கண்ணு முன்னாலதான் நடந்துச்சு. கூரையில இருந்து எறங்குச்சு, மூடிய எடுத்துச்சு, தலையில வச்சுக்கிட்டு மறுபடி கூரையில ஏறி உக்காந்துச்சு. தொப்பி போட்ட போலீசு கணக்கா. அவரு பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு. அந்த மனுசன் இதை எழுதலியா?"

நான் அவரைக் கூர்ந்து பார்த்தேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. என் குடைக்காரரின் மகள் இதற்கு முன்னால் நிற்க முடியாது என்று தோன்றியது. நம்பவில்லை.

"குரங்கு இருக்கு. மூடியோட இல்ல."

"நீ சேத்துக்கோ. ஒனக்கு என்ன, ரெண்டு தட்டு தட்டுனா முடிஞ்சுது. கடை சுத்தமா, பளிச்சுன்னு இருந்துச்சுன்னு ஒரு வரி. கொரங்கு எடுத்துச்சுன்னு ஒரு வரி. கை ஒடிஞ்சா போகும்?"

"நான் பாக்கலியே ஆச்சி."

"கெட்டது எழுதுறதுக்கு மட்டும் யாரு பாத்தா?"

அவருக்கு என் முதல் வரைவைப் பற்றித் தெரிய வழியில்லை. பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் காது சுட்டது. முதல் வரைவை அப்போதே மேசையறையிலிருந்து எடுத்து, அவர் கண் முன்னால் நான்காகக் கிழித்தேன். கார்பன் நகலையும் கிழித்தேன்.

"என்னட்டி கிழிக்க?"

"கதை."

அவர் வாளியை மூடிக்கொண்டார். "ஒன்னயப் படிக்க வச்சவுகளச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது வசவா பாராட்டா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. வசவாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு, சுத்தமான தாளில் இப்படித் தட்டினேன்:

'முப்பிடாதியம்மாள் என்பவரின் இட்லிக்கடை காலையில் பார்வையிடப்பட்டது. அப்போது சாரல் இருந்தது. கடையில் குடங்கள் மூன்றும் மூடிகள் இரண்டும் இருந்தன. குடங்களில் தண்ணீர் இருந்ததா என்பது குறிப்பில் இல்லை. பின்புறம் சாக்கடை உள்ளது. சமையலுக்கு ஒருவர் இருந்தார். அடுப்பு, மிளகாய் வத்தல், இருமல் ஆகியவை ஒரே வரியில் குறிக்கப்பட்டுள்ளன. இருமியது யார் என்பது குறிப்பில் இல்லை. எலி ஒன்று குறிக்கப்பட்டுள்ளது. அது உயிருடன் இருந்ததா என்பது குறிப்பில் இல்லை. கூரையில் குரங்கு இருந்தது. தரை கழுவப்பட்டிருந்தது.'

வெள்ளிக்கிழமை கைலாசம் சார் அதைப் படித்தார். மறுபுறம் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை.

"எங்கம்மா அந்த நல்ல ரிப்போர்ட்டு?"

"கிழிச்சிட்டேன் சார். அதுல இருந்தது குறிப்புல இல்ல."

"குறிப்புல இல்ல, குறிப்புல இல்ல, குறிப்புல இல்ல!" அவர் காகிதத்தை விரலால் தட்டினார். "இது ரிப்போர்ட்டா, கேள்வித்தாளா? ஆபீசரயே பரீட்சைக்கு உக்கார வைக்கியா? இரு, உள்ள கொண்டு காட்டுதேன். ஒன்னயத் தற்காலிகமா வச்சது எவ்வளவு நல்லதுன்னு தெரியட்டும்."

அவர் போனார். நான் பின்னாலேயே போனேன். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நிர்வாக அதிகாரியின் அறையில் ஏசுவடியான் சார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். செங்கோட்டையிலிருந்து காலை வண்டியில் வந்து, கையெழுத்துக்காகக் காத்திருந்தார். பேனா மூடி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் முப்பிடாதியம்மாள், கதவிடுக்கில் ஒரு கண்.

அதிகாரி அதிகம் பேசாதவர். அறிக்கையை ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். கைலாசம் சார் ஏதோ சொல்லத் தொடங்கியதைக் கையால் நிறுத்திவிட்டு, காகிதத்தை ஏசுவடியான் சார் பக்கம் திருப்பினார்.

"சொல்லுங்க. இருமியது யாரு?"

ஏசுவடியான் சார் முதல்முறையாக ஒரு அறிக்கையைப் படிப்பதைப் பார்த்தேன். கண் மெல்லக் கீழே இறங்கி, ஓர் இடத்தில் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் சார்."

"நீங்களா?"

"அந்தம்மா வத்தல் வறுத்துக்கிட்டிருந்துது. எனக்கு நிக்கவே முடியல. கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி. அந்தம்மா செவனேன்னு நிக்குது, ஒரு தும்மல் கூட இல்ல. புகை போக வழியில்ல சார் அங்க. கூரையில ஒரு தெறப்பு வைக்கச் சொல்லணும்னு ஞாபகத்துக்கு எழுதிக்கிட்டேன்."

கைலாசம் சாரின் முகம் சுருங்கியது. என் முதல் வரைவில் ஒரு அம்மாளின் தொண்டைக்குப் போட்ட இருமல் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. விஜயத்தின் திருத்தமும் பாதிதான் சரி. வறுத்தது உண்மை, இருமியது வேறு ஆள். 'புகை' என்ற ஒரே உபயோகமான விஷயம் எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"மூணு குடத்துலயும் தண்ணி இருந்துதா?"

"இருந்துது சார். நிறைஞ்சு இருந்துது."

"ஏன் ரெண்டு மூடி?"

ஏசுவடியான் சார் பேனாவை மூடினார், திறந்தார். "அது வந்து... மூணு இருந்துது சார். நான் பாக்கும்போதே ஒண்ணக் கொரங்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டு."

"எழுதலியே?"

"கொரங்கு - கூரைன்னு எழுதினேன். அதுக்கு மேல எழுதினா யாரு சார் நம்புவா? தலையில வேற வச்சுக்கிட்டு உக்காந்திருந்துது. நான் ஒரு கெசட்டட் ஆபீசருக்கு அதையா எழுத முடியும்?"

கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "நான் சொன்னேம்லா!"

அதிகாரி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார் என்பது மீசையில் தெரிந்தது. காகிதத்தை நீட்டினார். "இந்தக் கேள்வி ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒங்க கையாலயே பதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

ஏசுவடியான் சார் எழுதினார். 'இருமியது யார் என்பது குறிப்பில் இல்லை' என்பதற்குப் பக்கத்தில், ஓரத்தில், அழகான கையெழுத்தில்: 'நான். வத்தல் நெடியில்.' குடத்துக்குப் பக்கத்தில்: 'மூன்றிலும் தண்ணீர் இருந்தது. மூன்றாவது மூடியைக் குரங்கு எடுத்துச் சென்றதை நேரில் கண்டேன்.' எலிக்கு வந்தபோது நின்றார்.

"எலி உயிரோட இருந்துச்சா?" என்றார் அதிகாரி.

ஏசுவடியான் சார் கூரையைப் பார்த்தார். கண்ணை மூடிப் பார்த்தார். "ஞாபகம் இல்ல சார்."

"சும்மா உயிரோடன்னு போடுங்க" என்றார் கைலாசம் சார். "முழுசா முடிஞ்சுரும்."

ஏசுவடியான் சார் என்னைப் பார்த்தார். எதற்கு என்று தெரியவில்லை, நான் தலையை ஆட்டிவிட்டேன், இல்லை என்று. அவர் ஓரத்தில் 'நினைவில்லை' என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டார்.

உரிமம் அன்றே கொடுக்கப்பட்டது. நிபந்தனை இரண்டு: கூரையில் புகைபோக்கி, குடத்துக்கு மூன்றாவது மூடி.

முப்பிடாதியம்மாள் காகிதத்தை வாங்கிக்கொண்டு கேட்டார், "புது மூடி வாங்கிருதேன். கொரங்கு மறுபடி எடுத்தா?"

"கல்லைத் தூக்கி மேல வை ஆச்சி" என்றார் ஏசுவடியான் சார்.

"வத்தல் வறுக்கும்போது வாங்க, நீங்க இருமுறதுல அது ஓடிரும்" என்று சொல்லிவிட்டு அவர் என் மேசையில் தூக்குவாளியை டொக்கென்று வைத்தார். "இப்ப தின்னலாம்லா? எழுதியாச்சே."

தின்றேன். இட்லி நன்றாக இருந்தது. மிளகாய்ப் பொடி வைத்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கைலாசம் சாரும் ஒன்று எடுத்தார், "வெயிட்டா இருக்கு" என்றார், அறிக்கைக்குச் சொல்கிற அதே தொனியில்.

திங்கட்கிழமை ஏசுவடியான் சார் ஐந்தருவிப் பக்கத்திலிருந்து புதுக் குறிப்பு கொண்டுவந்தார். சோடாக்கடை ஒன்றைப் பார்த்திருக்கிறார். 'பாட்டில் 40. ஐஸ் - மரத்தூள். தும்மல் (நான்). ஆடு - உள்ளே.'

'உள்ளே' என்றால் கடைக்குள்ளேயா, வேலிக்குள்ளேயா? அவர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு சாரலில் பின்னால் ஓடினேன்.

"சார்! ஆடு எங்கன சார்?"